சொல்லாமல் நின்றுவிட்ட ஊழியருக்கு என்ன நோட்டீஸ் அனுப்புவது?

கேள்வி: ஐயா, மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்தக்கடை நடத்துகிறேன். குடோனையும் சேர்த்து 22 பேர் வேலை செய்கிறார்கள். ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதும் தம்பி ஒருவர் 3 வருடம் 4 மாதமாக எங்களிடம் இருக்கிறார். சம்பளம் 18,000 ரூபாய். சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட உசிலம்பட்டிப் பக்கம் போவதாகச் சொல்லி பிப்ரவரி 14 முதல் 17 வரை லீவு வாங்கிப் போனார். இன்று மார்ச் 9, இன்னும் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப், வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான். குடோன் சாவி ஒன்றும் கடை போனும் அவரிடம் இருக்கின்றன. 12,000 ரூபாய் அட்வான்ஸ் பாக்கியும் உண்டு. பிப்ரவரி சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். “பேரை அடித்துவிட்டு, வேலையை விட்டுப் போய்விட்டதாக ஒரு நோட்டீஸ் அனுப்பி பேப்பரிலும் விளம்பரம் கொடுத்துவிடுங்கள்” என்கிறார் ஆடிட்டர். அப்படிச் செய்யலாமா? எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும்?

பதில்: பேரை அடிக்காதீர்கள். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் அந்தத் தம்பியின் வரி இறுதி உத்தரவு போடும் நாள் வரை இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டத்தில் ‘வரவில்லை’ என்று குறித்து வாருங்கள். மார்ச் மாதப் பக்கத்தில் அவர் பேரை எழுதாமல் விட்டிருந்தால் இன்றே கடைசி வரியில் சேர்த்து, சேர்த்த தேதியைப் பக்கத்தில் எழுதி நீங்கள் கையெழுத்திடுங்கள். பழைய தேதி போட்டு நடுவில் நுழைக்க வேண்டாம். நாளை வழக்கு என்று வந்தால் அதிகாரி முதலில் கேட்பது இந்த ரிஜிஸ்டரைத்தான். பேர் எந்த நாளில் நின்றதோ, அந்த நாளில் நீங்கள்தான் அவரை நீக்கினீர்கள் என்று எடுத்துக்கொள்ள அது ஒன்றே போதும்.

நம் ஊர்க் கடைக்காரர்கள் பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஊழியர் தானாகப் போய்விட்டார், நாம் யாரையும் நீக்கவில்லையே என்று நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வேலையை விட்டுப் போவது என்பது ஊழியரின் மனதில் இருக்கும் எண்ணத்தைப் பொறுத்தது, கொஞ்ச நாள் வராததை மட்டும் வைத்து அந்த எண்ணத்தை ஊகிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1979-இலேயே ஜி.டி.லாட் வழக்கில் சொல்லிவிட்டது. 1993-இல் தீர்ப்பான டி.கே.யாதவ் வழக்கு உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது. 8 நாளுக்கு மேல் சொல்லாமல் வராதவர் வேலை தானாகவே போய்விடும் என்று அந்தக் கம்பெனியின் வேலை விதிகளான நிலையாணையில் எழுத்திலேயே இருந்தது. அதைக் காட்டி, 1980 டிசம்பர் 3 முதல் வரவில்லை என்று டிசம்பர் 12-ந் தேதி கடிதம் கொடுத்தார்கள். தினமும் வந்தேன், கேட்டிலேயே தடுத்துவிட்டார்கள் என்றார் தொழிலாளி. விளக்கம் கேட்காமல், விசாரிக்காமல் வேலையைப் பறித்தது செல்லாது என்று நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலைக்கு அமர்த்தியது. இடைப்பட்ட காலத்துக்குப் பாதிச் சம்பளமும் கொடுக்கச் சொன்னது. எழுத்தில் விதி வைத்திருந்த கம்பெனிக்கே அந்தக் கதி. உங்களிடம் அப்படி ஒரு நிலையாணைகூட இருக்காது.

ஆகவே நீங்கள் அனுப்பும் முதல் கடிதம் “நீ போய்விட்டாய்” என்று அறிவிக்கும் கடிதமாக இருக்கக்கூடாது. “வா” என்று கூப்பிடும் கடிதமாக இருக்க வேண்டும். கூப்பிட்டும் வரவில்லை, காரணமும் சொல்லவில்லை என்பதிலிருந்துதான் விட்டுப் போகும் எண்ணம் இருந்தது என்று பின்னால் காட்ட முடியும்.

கடிதத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஊரில் அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரியுங்கள். போகிறவர் மிரட்டும் ஆளாக இருக்கக்கூடாது, உடன் வேலை செய்கிற ஒருவர் போதும். திரும்பி வந்ததும் எந்தத் தேதியில் போனார், யாரிடம் பேசினார், என்ன சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். விபத்தில் படுத்திருக்கிறார், ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஏதோ வழக்கில் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தால் இது விட்டுப் போன விவகாரமே இல்லை. ஈஎஸ்ஐ அட்டை உள்ளவர் என்றால் மெடிக்கல் சர்டிபிகேட் எடுத்திருக்கிறாரா என்றும் கேட்டுவரச் சொல்லுங்கள். எடுத்திருந்தால் அது நோய் விடுப்பு. “நாங்களும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்” என்று வீட்டார் சொன்னால் காணாமல் போனதாக அவர்கள் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். கடைசியாகக் கடைக்கு வந்த நாள், நேரம் முதலிய விவரங்களை நீங்கள் கொடுத்து உதவுங்கள். காணாமல் போனவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதில் பொருளில்லை.

“திருப்பூரில் சேர்ந்துட்டான்” என்று வீட்டார் சொன்னாலும் அதை மட்டும் நம்பிக் கணக்கை முடிக்காதீர்கள். அவரே வாட்ஸ்அப்பில், “நான் இனி வரலண்ணே, வேற இடம் பாத்துக்கிட்டேன்” என்று அனுப்பினால் கதை வேறு. அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, கையெழுத்திட்ட ராஜினாமா கடிதம் கேளுங்கள். அது வந்ததும் ஏற்றுக்கொண்டதாக ஒரு கடிதம் அனுப்பினால், கீழே சொல்லப்போகும் எதுவும் தேவைப்படாது.

வீட்டிலும் தகவல் இல்லை, அல்லது சொல்ல மறுக்கிறார்கள் என்றால் முதல் கடிதத்தை மார்ச் 10-ந் தேதியே அனுப்பலாம். தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் புரியவில்லை என்று சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைக்கும். வாசகம் இவ்வளவு போதும்:

“நீங்கள் பிப்ரவரி 14 முதல் 17 வரை விடுப்புக் கேட்டு, அது அனுமதிக்கப்பட்டது. 18-ந் தேதி காலை வேலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். இன்று வரை வரவில்லை. விடுப்பை நீட்டிக்கக் கேட்டு எந்தத் தகவலும் எங்களுக்கு வரவில்லை. இன்னின்ன தேதிகளில் உங்கள் கைப்பேசிக்கு அழைத்தோம், அணைந்திருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியும் போய்ச் சேரவில்லை. உங்கள் வேலை இன்றும் உங்களுக்காக இருக்கிறது. மார்ச் 20 காலை 9.30 மணிக்குள் வந்து வேலையில் சேரவும். வர இயலாத நிலை இருந்தால், காரணத்தையும் எப்போது வர முடியும் என்பதையும் எழுத்து மூலமோ கீழ்க்கண்ட எண்ணுக்கு வாட்ஸ்அப் மூலமோ அந்தத் தேதிக்குள் தெரிவிக்கவும். உடல்நலக் குறைவு என்றால் மருத்துவச் சான்றை இணைக்கவும். பதில் வராத நிலையில், அனுமதியின்றி வராதது குறித்து மேல் நடவடிக்கை எடுக்க நேரும்.”

இதில் “உங்கள் வேலை இன்றும் உங்களுக்காக இருக்கிறது” என்ற வரியை விட்டுவிடாதீர்கள். கேட்டில் தடுத்தார்கள் என்ற பேச்சுக்கு முன்கூட்டியே பதில் சொல்லும் வரி அது. ‘வேலையை விட்டு ஓடிவிட்டீர்கள்’, ‘நீக்கப்படுவீர்கள்’ போன்ற சொற்கள் வேண்டவே வேண்டாம். முடிவெடுத்துவிட்டுத்தான் விளக்கம் கேட்டார்கள் என்று பிறகு சொல்வார்கள். சாவியையும் கடை போனையும் பற்றித் தனிப் பத்தியில், “உங்கள் பொறுப்பில் உள்ளன, வரும்போது கொண்டு வரவும் அல்லது ஒருவர் மூலம் ஒப்படைக்கவும்” என்று மட்டும் எழுதுங்கள். திருட்டு என்று எழுத இப்போது எந்த ஆதாரமும் இல்லை. அதுவரை குடோன் பூட்டை மாற்றிவிடுங்கள், அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இனி தபால். பழைய ரிஜிஸ்டர் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுண்டரில் வெறும் ஸ்பீடு போஸ்ட் என்று சொன்னால் வீட்டில் இருக்கிற யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாம். ‘பதிவு’ வசதியையும் சேர்த்துக் கேட்டுப் பணம் கட்டினால் விலாசதாரர் கையில் சேர்க்க வேண்டும். இரண்டு முகவரிக்கும் அனுப்புங்கள்: மதுரையில் தங்கியிருந்த வாடகை வீட்டுக்கு ஒன்று, ஆதாரில் உள்ள ஊர் முகவரிக்கு ஒன்று. வேலையில் சேரும்போது கொடுத்த விண்ணப்பத்தில் வேறு முகவரி இருந்தால் அதற்கும் ஒன்று. கதவு எண், தெரு, அஞ்சல், தாலுகா, பின்கோடு எல்லாம் அவர் கொடுத்தபடியே இருக்கட்டும். சரியான முகவரிக்குப் பதிவாக அனுப்பியது சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்று பொது விதிகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. முகவரி தவறினால் அந்த அனுமானம் உங்களுக்குக் கிடைக்காது. கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். என்றைக்காவது போனை ஆன் செய்தால் இரண்டு டிக் விழும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளலாம்.

கவர் திரும்பி வந்தால் அதைப் பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டால் உள்ளே என்ன அனுப்பினீர்கள் என்பதற்குச் சான்று போய்விடும். போஸ்ட்மேன் எழுதிய குறிப்பைப் பாருங்கள். வாங்க மறுத்தார் என்று இருந்தால் அது கொடுத்ததற்குச் சமம், அடுத்த படிக்குப் போகலாம். கதவு பூட்டியிருந்தது, அறிவிப்புக் கொடுத்தும் வந்து வாங்கவில்லை என்றால், முகவரி சரியாக இருக்கும்வரை அதுவும் பெரும்பாலும் உங்களுக்குச் சாதகம்தான். ஆனால் இன்னொரு முறை அனுப்புவது நல்லது. அந்த வீட்டை விட்டுப் போய்விட்டார் என்றோ முகவரி போதவில்லை என்றோ வந்தால் நோட்டீஸ் சேரவில்லை. அப்போதுதான் பேப்பர் விளம்பரம் என்ற பேச்சே எழ வேண்டும். மதுரைப் பதிப்பு உள்ள ஒரு தமிழ் நாளிதழில், பேர், ஊர், வராத தேதி, எந்தத் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்பதை மட்டும் போடுங்கள். போட்டோ போட்டு, “இவருடன் யாரும் வரவு செலவு வைக்க வேண்டாம்” என்று அச்சிடுவது பலருக்கும் பழகிப்போன ஒன்று. அவர் பணத்தைக் கையாடியதாக ஊர் நினைக்கும், மானநஷ்ட வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

அவகாசம் எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கடிதத்துக்குச் சட்டம் இத்தனை நாள் என்று வரையறுக்கவில்லை. கடிதம் கையில் சேர்ந்த பிறகு குறைந்தது ஒரு வாரமாவது மிஞ்ச வேண்டும் என்பதே கணக்கு. இதில் கெடுவது தேதி விஷயம். 10-ந் தேதி போட்டு டைப் செய்த கடிதம் மேசையில் கிடந்து 16-ந் தேதி தபாலுக்குப் போகிறது, 20-க்குள் வரச் சொல்கிறது. ரசீதில் உள்ள தேதி உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும். அனுப்பும் நாளில் தேதி போடுங்கள்.

மார்ச் 20 வரை பதில் இல்லை என்றால் 24-ந் தேதி வாக்கில் இரண்டாவது கடிதம். இது மெமோ. “பிப்ரவரி 18 முதல் அனுமதியின்றி, தகவலின்றி வரவில்லை. மார்ச் 10-ந் தேதிக் கடிதத்துக்கும் பதில் இல்லை. இது ஒழுங்கீனம். ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று ஏப்ரல் 4-க்குள் விளக்கம் தரவும். விளக்கம் வராவிட்டால் உங்களுக்கு வேலையில் தொடர விருப்பமில்லை என்று கருதி விசாரணை நடத்தப்படும்.” இங்கேதான் முதல் முறையாக விட்டுப் போகும் எண்ணத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

விசாரணை எதற்கு, ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து அனுப்பிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 41-ஆம் பிரிவு இரண்டு வழி வைத்திருக்கிறது. 6 மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணத்தோடு ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம் கொடுத்து நிறுத்தலாம். அல்லது விசாரணை நடத்தி ஒழுங்கீனம் ஆதாரத்தோடு பதிவானால் அந்த நோட்டீஸ் இல்லாமலே நீக்கலாம். முதல் வழி சுலபமாகத் தெரியும். ஆனால் தண்டனையாக இல்லாமல் எந்தக் காரணத்துக்காக நிறுத்தினாலும் அது ஆட்குறைப்புக் கணக்கில் போய் விழும். பேரை அடிப்பதும் அதே கணக்குத்தான் என்று 1982-இல் ராபர்ட் டிசூசா வழக்கில் தீர்ப்பானது. தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் வந்துள்ள தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் ஆட்குறைப்பு இழப்பீடு வருடத்துக்கு 15 நாள் சம்பளம்தான். 3 வருடம் 4 மாதத்தில் அந்த 4 மாதம் கணக்கில் வராது. வருடத்துக்கு 9,000 வீதம் மூன்று வருடத்துக்கு 27,000, நோட்டீஸ் சம்பளம் 18,000, ஆக 45,000 ரூபாய். இதற்கு மேல், வேலை இழந்தவர் புதுத் திறன் கற்க உதவும் மறுதிறன் நிதிக்கும் 15 நாள் சம்பளம் கட்ட வேண்டும். அதனால் உங்கள் கேஸில் விசாரணை வழிதான் என் சிபாரிசு. பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை.

விசாரணை அதிகாரியாக நீங்களோ கணக்குப்பிள்ளையோ இருக்கக்கூடாது. நீங்கள் இருவரும் சாட்சிகள். வெளியிலிருந்து ஒரு வக்கீலை நியமியுங்கள். ஏப்ரல் 16 என்று தேதி வைத்து, பத்து நாளுக்குக் குறையாமல் முன்பே நோட்டீஸ் போகட்டும். கடிதத்தில் இடம், நேரம், உடன் வேலை செய்யும் ஒருவரை உதவிக்கு அழைத்து வரலாம் என்பது, வராவிட்டால் அவர் இல்லாமலே விசாரணை நடக்கும் என்பது ஆகியவை இருக்க வேண்டும். வரவில்லை என்றால் இன்னும் ஒரு தேதி கொடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் வைக்காதீர்கள். ஊரே தெருவில் நிற்கும்போது வரமுடியவில்லை என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். அந்த நாளிலும் வராவிட்டால், வரவில்லை என்பதோடு நிறுத்தாமல் சாட்சியைப் பதிவு செய்ய வேண்டும். கணக்குப்பிள்ளை அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர், லீவு கேட்ட சீட்டு அல்லது செய்தி, கடிதங்களின் நகல், தபால் ரசீது, பிரிக்காத கவர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்வதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பல விசாரணைகள் உடைவது இந்த இடத்தில்தான்: ஆள் வரவில்லை, எனவே குற்றம் நிரூபணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆள் வராதது குற்றத்துக்குச் சாட்சியம் ஆகாது. அதிகாரியின் அறிக்கை நகலை ஊழியருக்கு அனுப்பி, ஒரு வாரம் விட்டு, மே மாதத்தில் இறுதி உத்தரவு போடுங்கள்.

இடையில் என்றைக்காவது அவர் கடை வாசலில் வந்து நின்றால் உள்ளே விடுங்கள். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடச் சொல்லி வேலை கொடுத்து, ஏன் வரவில்லை என்று எழுதி வாங்குங்கள். “முதலாளி வரட்டும்” என்று கல்லாப்பெட்டி அருகே இரண்டு நாள் உட்கார வைத்தால் யாதவ் வழக்கின் கேட் கதைதான். காரணம் சரியாக இல்லையென்றால் எச்சரிக்கை கொடுக்கலாம், வராத நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. ஆனால் விட்டுப் போனார் என்ற வாதம் அவர் வாசலில் கால் வைத்த நிமிடத்தோடு முடிந்தது.

பிப்ரவரி சம்பளத்தை நிறுத்தி வைத்தது தவறு, அதை இந்த வாரமே சரி செய்யுங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் போயிருக்க வேண்டும். விடுப்பு சம்பளத்தோடு அனுமதிக்கப்பட்டது என்று வைத்துக்கொண்டால் 28 நாளில் 17 நாளுக்கு 10,929 ரூபாய். அட்வான்ஸைப் பிடிக்கலாம், ஆனால் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. ஆக 5,464 வரை பிடித்துக்கொண்டு மீதி 5,465-ஐ வழக்கமான வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அட்வான்ஸ் பாக்கி 6,536-ஐ இறுதிக் கணக்கில் வரவேண்டியது ஏதாவது இருந்தால் கழிக்கலாம், இல்லாவிட்டால் கடனாகத் தனியே கேட்க வேண்டியதுதான். சாவி வந்தால்தான் சம்பளம் என்று கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். 5 வருடம் முடியாததால் கிராஜுவிட்டி பற்றி இப்போது யோசிக்க வேண்டியதில்லை.

இறுதி உத்தரவு போடும் தேதியிலிருந்து நீக்கம் அமலாகட்டும், பிப்ரவரி 18 என்று பின்தேதி வேண்டாம். வராத நாட்களுக்கு எப்படியும் சம்பளம் இல்லை, எனவே பின்தேதி போடுவதால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. பி.எஃப். இணையதளத்தில் வெளியேறிய தேதியைப் பதிவதும் அந்த உத்தரவுக்குப் பிறகுதான், அதே தேதியோடு. அதுவரை மாதாமாதம் அனுப்பும் கணக்கில் அவர் பேர் இருக்கட்டும், வராத நாட்களை NCP Days கட்டத்தில் காட்டுங்கள். பல கடைகளில் பி.எஃப். பார்க்கும் ஆள் தானாகவே பிப்ரவரியில் ‘எக்ஸிட்’ போட்டுவிடுவார். மே மாத உத்தரவை அந்த ஒரு பதிவே பொய்யாக்கிவிடும், இன்றே அவரிடம் சொல்லி வையுங்கள். உத்தரவும் இரண்டு முகவரிக்கும் பதிவோடு போகட்டும். அது கையில் சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் அவர் போகலாம் என்பதால், அந்தக் கோப்பையும் பிரிக்காத கவர்களையும் கடையில் பத்திரமாக வைத்திருங்கள்.